கத்தி கோட்டில் விழாது

ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு ஆயிரம் விசிட்டிங் கார்டு. அடர்ந்த மெரூன் பின்னணி, அடியில் பொன்னிறப் பட்டை, நடுவில் கடையின் பெயர், கீழே இரண்டு தொலைபேசி எண்கள். திரையில் பார்த்தபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அச்சாகி வந்த பெட்டியைத் திறந்தால் சில கார்டுகளின் இடது ஓரத்தில் நூல் பருமனுக்கு ஒரு வெள்ளைக் கோடு. வேறு சிலவற்றில் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் ஓரத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. கடைக்காரர் அச்சகத்தைத் திட்டுகிறார். அச்சகக்காரர் டிசைன் செய்தவரைக் கை காட்டுகிறார். இந்த வழக்கில் பத்துக்கு எட்டு முறை அச்சகக்காரர் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. காரணம், காகிதம் வெட்டும் கத்தி எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். கார்டு அளவுத் தாளில் யாரும் கார்டு அடிப்பதில்லை. டிஜிட்டல் அச்சில் வழக்கமாகப் புழங்கும் 12-க்கு 18 அங்குலத் தாளில் இருபது சொச்சம் கார்டுகளை வரிசையாக அடுக்கி அடித்து, பிறகு வெட்டிப் பிரிக்கிறார்கள். பெரிய தாளின் விளிம்பு வரை மை போடவும் முடியாது. ஆஃப்செட் எந்திரத்தில் தாளைக் கவ்வி இழுக்கும் கிரிப்பருக்கு ஒரு பக்கம் வெற்றிடம் விட்டாக வேண்டும். லேசர் எந்திரங்களும் நான்கு பக்கமும் சில மில்லிமீட்டரைத் தொடாமல் விடுகின்றன. ஆகவே ஓரம் வரை நிறம் வேண்டுமென்றால் ஒரே வழிதான்: தேவையைவிடப் பெரிதாக அடித்து, நிறத்தின் மேலேயே கத்தியை இறக்க வேண்டும். வெட்டும் இடத்தைத் தாண்டி அப்படி அதிகமாக அடிக்கும் பகுதிக்குத்தான் ப்ளீட் என்று பெயர். வெட்டிய பின் மிஞ்சும் அளவு ட்ரிம். அச்சகத்தில் கேட்டால் கட்டிங் சைஸ் என்பார்கள். அதற்கும் உள்ளே, எழுத்தும் லோகோவும் தாண்டக் கூடாத எல்லை சேஃப் மார்ஜின்.

இதுவரை பலருக்கும் தெரியும். மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் விடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள், விட்டிருப்பார்கள். ஏன் மூன்று, ஏன் சில சமயம் அதுவும் போதவில்லை என்பது வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றால்தான் புரியும்.

அச்சான தாள்களை முதலில் கையால் தட்டித் தட்டி ஒரு மூலைக்குச் சீராக அடுக்குகிறார்கள். அடுக்கை எந்திரத்துக்குள் தள்ளினால் அது பின்னால் இருக்கும் தடுப்பில் போய் முட்டும். அந்தத் தடுப்பு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் வெட்டின் அளவு. மேலிருந்து ஒரு கனத்த இரும்புப் பலகை இறங்கி அடுக்கை அமுக்கிப் பிடிக்கும். அதன் பின்பு கத்தி நேர் செங்குத்தாக இறங்காமல், சற்றே பக்கவாட்டில் சாய்ந்து இழுத்தபடி இறங்கும். ஒரு நொடிதான், அத்தனை தாளும் அறுந்துவிடும்.

இந்த ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் பிழை நுழைய மூன்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. அச்சாகும்போதே ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் உருவம் கொஞ்சம் நகர்ந்து விழும். டிஜிட்டல் எந்திரத்தில் அது அரை மில்லிமீட்டர், சமயத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகும். இரண்டு பக்கமும் அடித்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று துல்லியமாக உட்காராது. அடுக்கும்போது ஒன்றிரண்டு தாள் பிசகி நிற்கும். பலகை அமுக்கும்போது தாள்களுக்கு இடையிலிருக்கும் காற்று வெளியேறி அடுக்கு கொஞ்சம் நெளியும். கத்தியின் கூர் மழுங்கியிருந்தால் அது தாளை அறுப்பதோடு இழுக்கவும் செய்யும். மேல் தாளுக்கும் அடித்தாளுக்கும் அளவே மாறிப்போகும்.

இவை எதுவும் வெட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. மேல் தாளில் இருக்கும் கட்டிங் மார்க்கைப் பார்த்துத்தான் அவர் வெட்டுகிறார். ஒரு கட்டிங்காரரிடம் இதைக் கேட்டபோது, “மேல இருக்கிற ஒரு தாளத்தான் சார் நான் பாக்குறேன். கீழ இருக்கிற நாப்பத்தேழும் நம்பிக்கைதான்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அவர் வேலையின் உண்மை நிலவரமே அதுதான்.

ஆக, கத்தி ஒருநாளும் கோட்டில் விழாது. கோட்டுக்குப் பக்கத்தில் எங்கோ விழும். நல்ல அச்சகத்தில் அந்தப் ‘பக்கத்தில்’ என்பது அரை மில்லிமீட்டர். சுமாரான இடத்தில் ஒன்று, ஒன்றரை. ப்ளீடும் சேஃப் மார்ஜினும் இந்தப் பிழையைத் திருத்துவதில்லை. பிழை நடந்தாலும் கண்ணில் படாமல் மறைக்கின்றன. கத்தி வெளிப்பக்கம் நகர்ந்தால் வெள்ளைக்குப் பதில் ப்ளீடின் நிறம் தெரியும். உள்பக்கம் நகர்ந்தால் சேஃப் மார்ஜினின் வெற்றிடம் கொஞ்சம் குறையும், எழுத்து தப்பிக்கும். கத்தி எந்தப் பக்கம் விலகும் என்று முன்கூட்டித் தெரியாததால் இரண்டும் வேண்டும்.

நம் புடவைக் கடைக் கார்டுக்கு இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். வெட்டிய அளவு 90-க்கு 54 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அச்சகத்துக்கு அச்சகம் ஓரிரு மில்லிமீட்டர் மாறும், கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் சேர்த்தால் 96-க்கு 60. மெரூன் பின்னணியும் பொன்னிறப் பட்டையும் இந்தப் பெரிய அளவு முழுக்க ஓட வேண்டும். வெட்டும் கோட்டிலிருந்து உள்ளே நான்கு மில்லிமீட்டர் விட்டால் 82-க்கு 46. கடைப் பெயர், முகவரி, எண்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தமிழ் எழுத்தில் இங்கே ஒரு சின்னக் கவனம் தேவை. ‘கூ’, ‘ஞ’, ‘ழ’ போன்றவற்றின் கீழ்ச்சுழிகளும் ‘கீ’, ‘மீ’ ஆகியவற்றின் மேல்கொக்கிகளும் சில அலங்கார எழுத்துருக்களில் நிறையவே நீளும். ஆகவே இடைவெளியை எழுத்துப் பெட்டியின் விளிம்பிலிருந்து அளக்காமல், எழுத்தின் மிக நீண்ட கொக்கியிலிருந்து அளப்பதே சரி.

இப்போது அச்சகத்தின் பக்கத்துக் கணக்கு. 12-க்கு 18 அங்குலத் தாள் என்பது 305-க்கு 457 மில்லிமீட்டர். ப்ளீடோடு சேர்ந்த 96-க்கு 60 அளவை அதில் அடுக்கினால் குறுக்கே மூன்று, நெடுக்கே ஏழு, ஆக 21 கார்டு. ப்ளீட் இல்லாமல் 90-க்கு 54 அளவை ஒட்ட ஒட்ட அடுக்கினால் நெடுக்கே எட்டு வரிசை வந்துவிடும், ஆக 24. ஆயிரம் கார்டுக்கு முதல் முறையில் 48 தாள், இரண்டாவதில் 42. ப்ளீடோடு அடுக்கினால் ஒவ்வொரு கார்டின் இரு பக்கத்துக்கும் தனித்தனி வெட்டு தேவை. எண்ணிப் பார்த்தால் இருபது வெட்டு. ஒட்டி அடுக்கினால் இரண்டு கார்டுக்கு நடுவே ஒரே வெட்டு போதும், பதின்மூன்றில் வேலை முடிந்துவிடும். சில இடங்களில் மலிவு விலைக் கார்டுகள் எப்படி மலிவாகின்றன என்பதற்கு இந்த ஆறு தாளும் ஏழு வெட்டும் ஒரு பகுதி விடை.

ஒட்டி அடுக்குவது எப்போதும் தப்பு என்றும் சொல்ல முடியாது. கார்டு முழுக்க ஒரே மெரூன் நிறமாக இருந்தால் பக்கத்துக் கார்டின் மெரூனே நமக்கு ப்ளீட் ஆகிவிடும். கத்தி எங்கே விழுந்தாலும் வித்தியாசம் தெரியாது. தாளின் வெளி வரிசைகளுக்கு மட்டும் நிறத்தை நீட்டி அடித்தால் போதும். நம் கார்டில் சிக்கல் அந்தப் பொன்னிறப் பட்டையால் வருகிறது. மேல் கார்டின் அடியில் பொன்னிறம், அதை ஒட்டிக் கீழ்க் கார்டின் தலையில் மெரூன். கத்தி அரை மில்லிமீட்டர் மேலே விழுந்தால் கீழ்க் கார்டின் தலையில் ஒரு பொன்னிற நூல் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளைக் கோட்டைவிட இது இன்னும் விநோதமாக இருக்கும், எங்கிருந்து வந்தது என்றே வாடிக்கையாளருக்குப் புரியாது.

வெளியே நிறத்தை நீட்டுவது எளிது. உண்மையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பார்டரில். கார்டைச் சுற்றி ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே மெல்லிய பொன்னிறக் கோடு ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். கத்தி ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர், வலது பக்கம் மூன்று. ஒன்றுக்கு மூன்று மடங்கு! குழந்தைகூடக் கோணல் என்று சொல்லிவிடும். ப்ளீட் எவ்வளவு பெரிதாக விட்டிருந்தாலும் இதற்கு உதவாது, ஏனென்றால் சிக்கல் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. அதே பார்டரை ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால், அதே பிசகில் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஆறு. அளந்து பார்த்தால்தான் தெரியும், கண்ணுக்கு அவ்வளவாக உறுத்தாது. பார்டர் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால் உள்ளே தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் போடவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவிலான சமரசம்தான் எல்லா வம்பையும் இழுத்து வருகிறது. திருமண அழைப்பிதழ்களில் மங்கலகரமாக இருக்கட்டும் என்று ஓரத்தை ஒட்டி வளைத்துப் போடும் கொடிகளுக்கும் இதே கதைதான்.

ப்ளீடை மறந்து முடித்த டிசைனைக் கடைசி நேரத்தில் திருத்துவதில் இன்னொரு பொறி உண்டு. கோப்பு அச்சகத்துக்குப் போகிறது. ‘ப்ளீட் இல்லையே’ என்று பதில் வருகிறது. உடனே கைக்கு வரும் யோசனை, மொத்த டிசைனையும் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவது. 54 மில்லிமீட்டர் உயரம் 60 ஆக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் 111 சதவீதமாக்க வேண்டும். இப்போது எழுத்து எங்கே போகிறது பாருங்கள். ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே முடிந்த எண், கார்டின் நடுவிலிருந்து 42 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தது. பெரிதாக்கிய பின் அது 46.7 மில்லிமீட்டரில் போய் நிற்கும். கத்தி விழும் இடமோ 45. கடைசி இலக்கம் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். நல்ல மனதோடு ஐந்து மில்லிமீட்டர் உள்ளே வைத்திருந்தாலும், இப்போது ஓரத்துக்கு அரை மில்லிமீட்டர் பக்கத்தில் வந்து தொங்கும். இழுத்துப் பெரிதாக்கும்போது நிறம் மட்டும் நகர்வதில்லை, எழுத்தும் கூடவே வெளியே நகர்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சரியான வழி, பின்னணியை மட்டும் நீட்டி எழுத்தை இருந்த இடத்திலேயே விடுவது. பின்னணி ஒரே நிறமென்றால் அரை நிமிட வேலை. பின்னணி புகைப்படமாக இருந்து, அதற்கு வெளியே படம் மிச்சமில்லை என்றால், ஓரத்து மூன்று மில்லிமீட்டர் பட்டையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி வெளியே ஒட்டலாம். அதில் பெரும்பகுதி எப்படியும் வெட்டப்பட்டுப் போய்விடும் என்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ஓரத்தில் ஒரு முகமோ எழுத்தோ இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

மென்பொருள்களில் எங்கே எதை அமைப்பது? பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் இடம் மாறுகிறது, பெயர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. நம் ஊர் அச்சகங்களில் அதிகம் புழங்கும் கோரல்டிராவில் பக்க அளவைக் கார்டின் வெட்டிய அளவாகவே, 90-க்கு 54 ஆக, வைத்துக்கொண்டு `Bleed` கட்டத்தில் 3 போட வேண்டும். அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு. பி.டி.எஃப். ஆக்கும்போது `Prepress` பகுதிக்குள் போய் `Bleed limit`, `Crop marks` இரண்டையும் மறுபடி தேர்வு செய்ய வேண்டும். இல்லையென்றால் ப்ளீட் கோப்புக்குள் வராது. இன்டிசைனில் அதற்கு `Use Document Bleed Settings` என்ற பெட்டி. அங்கே ஒரு நுட்பம்: கட்டிங் மார்க் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று சொல்லும் `Offset` வழக்கமாக 2.117 மில்லிமீட்டரில் இருக்கும். நம் ப்ளீட் மூன்று என்பதால் மார்க்கின் நுனி ப்ளீடுக்குள் நுழைந்துவிடும். கத்தி அந்தப் பக்கம் நகர்ந்தால் கார்டின் மூலையில் ஒரு கறுப்புக் கீற்று மிஞ்சலாம். மூன்றுக்கு மேல் மாற்றிவிடுவது நல்லது. கேன்வாவில் `Show print bleed` போட்டு, இறக்கும்போது `PDF Print` எடுத்து `Crop marks and bleed` என்பதைச் சொடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ப்ளீடுக்கென்று தனி அமைப்பே கிடையாது. கோப்பையே 96-க்கு 60 மில்லிமீட்டரில், 300 பிக்சல் அடர்த்தியில் தொடங்கி, மூன்று மில்லிமீட்டரில் ஒரு வழிகாட்டிக் கோடும் ஏழில் இன்னொன்றும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பிக்சல் கணக்கில் 1134-க்கு 709.

ப்ளீட் உண்மையில் கோப்பில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுருக்கு வழி: பி.டி.எஃப்.-ஐத் திறந்து அதன் பக்க அளவைப் பாருங்கள். 96-க்கு 60 அல்லது மார்க்குகளோடு சேர்ந்து அதைவிடப் பெரிதாக இருந்தால் சரி. அச்சு அசலாக 90-க்கு 54 என்று காட்டினால் ப்ளீட் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. பெரிதாகக் காட்டினாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். மார்க்குகளுக்கு வெளியே நிறம் ஓடுகிறதா, வெறும் வெள்ளை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அச்சாகி வந்த பின் குறை தெரிந்தால் அது யார் தலையில் விழ வேண்டும்? கட்டைப் பிரிக்காமல் வரிசைப்படியே பார்த்தால் கார்டுகளே சொல்லிவிடும். எல்லாக் கார்டிலும் ஒரே பக்கம், ஒரே அளவு பிசகு என்றால் அளவு வைத்ததில் தவறு. மேலே சரியாக இருந்து கீழே போகப் போகப் பிசகு வளர்ந்தால் கத்தியின் கூரையோ அமுக்கும் பலகையையோ சந்தேகிக்கலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தால் தாள் சீராக அடுக்கப்படவில்லை, அல்லது அச்சிலேயே நகர்ந்திருக்கிறது. முன்பக்கம் சரி, பின்பக்கம் மட்டும் கோணல் என்றால் இரு பக்கப் பொருத்தம் தவறியிருக்கிறது. ஆனால் கோப்பில் ப்ளீடே இல்லாமல் கொடுத்துவிட்டு இதில் எதையும் கேட்க நமக்கு உரிமை கிடையாது. அரை மில்லிமீட்டர் பிசகு அந்தத் தொழிலில் சாதாரணம்.

மூன்று என்ற எண்ணும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நடுவில் பின் அடித்த புத்தகங்களில் உள்தாள்கள் மடிப்பில் வெளிப்பக்கம் பிதுங்கி நிற்கும். காகிதத்தின் கனம் 0.1 மில்லிமீட்டர், புத்தகத்தில் பதினாறு மடித்த தாள் என்றால், நடுப்பக்கம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். ஓரத்தைச் சமன் செய்யும்போது அந்த ஒன்றரை நடுப்பக்கத்திலிருந்துதான் போகும். அங்கே பக்க எண்ணை ஓரத்தோடு ஒட்டி வைத்தால் அதுவும் கூடவே போய்விடும். சிவகாசியில் அடிக்கும் சுவர்க் காலண்டர்களில் மேலே தகரப் பட்டை ஏறுகிறது. அது மூடும் அளவைக் கேட்காமல் சாமி படத்தை உச்சி வரை ஏற்றினால் கிரீடம் பட்டைக்குள் மறைந்துவிடும்.

கோப்பை அனுப்பும் முன் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு, இரண்டு நிமிடம்கூட ஆகாது. டிசைனின் மேல் உள்ளே நிறமில்லாத 90-க்கு 54 சட்டம் ஒன்றை வரையுங்கள். அதை ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தி, சட்டத்துக்குள் தெரிவதை மட்டும் பாருங்கள். அப்புறம் வலப்பக்கம், மேலே, கீழே. இந்த நான்கு கார்டுகளில் எது கையில் வந்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் சட்டத்தை அழித்துவிட்டுக் கோப்பை அனுப்பலாம். அனுப்பும்போது ‘கட்டிங் சைஸ் 90 × 54, ப்ளீட் நாலு பக்கமும் 3 மி.மீ.’ என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வாட்ஸப்பில் படமாகப் போடாமல், பி.டி.எஃப். ஆவணமாகவே அனுப்புங்கள்.